மின் ஹீப்ல சார்ட் பண்ணினா ஏன் தலைகீழா வருது?

செகண்ட் இயர் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப்ல ஒரு கேள்வி இருக்கு. வார்த்தை கொஞ்சம் மாறும், விஷயம் மாறாது: "ஒரு மின் ஹீப் எழுதுக. அதைப் பயன்படுத்தி, கொடுக்கப்பட்ட அர்ரேயை ஏறுவரிசையில் ஹீப் சார்ட் செய்க. வேறு அர்ரே பயன்படுத்தக் கூடாது." படிக்கும்போது ரொம்ப சாதாரணமா இருக்கும். ஏறுவரிசைன்னா சின்னது முதல்ல வரணும். மின் ஹீப்ல சின்னதுதான் உச்சியில இருக்கு. அப்போ ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கினா முடிஞ்சது, இல்லையா?

முடியாது. இந்தக் கேள்விக்குள்ள ஒரு முடிச்சு இருக்கு. அந்த முடிச்சு எங்கேன்னு தெரியாமலே நிறைய பேர் அதை அவிழ்த்த மாதிரி ரெக்கார்டு எழுதி சைன் வாங்கிடறாங்க. போன செமஸ்டர் எங்க ஹாஸ்டல்ல ஒரு ஜூனியர் ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்போட வந்து நின்னான். காலையில ஒன்பது மணிக்கு சப்மிஷன், அதோட வைவா. "அண்ணா, கோடு ஓடுது. ஆனா எங்கயோ பக் இருக்கு. எல்லாம் தலைகீழா வருது"ன்னான். அவன் கோட்ல பக் எதுவும் இல்லை. அதைச் சொன்னப்போ அவனுக்கு என் மேலதான் சந்தேகம் வந்துச்சு. அவனுக்குச் சொன்னதையே இங்க கொஞ்சம் நிதானமா எழுதறேன்.

முதல்ல ஹீப்பை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கலாம். ஹீப்னு தனியா ஒரு பொருள் மெமரியில கிடையாது. இருக்கறது சாதா அர்ரேதான். அதை ஒரு மரமா பாக்கறோம். இண்டெக்ஸ் i-ல இருக்கற நோடுக்கு 2i+1, 2i+2 ரெண்டும் பிள்ளைகள். மின் ஹீப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான்: எந்த அப்பாவும் தன் பிள்ளைகளை விடப் பெருசா இருக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள்ள எந்த ஒழுங்கும் வேண்டாம். அதனால உச்சியில இருக்கறது மட்டும்தான் நிச்சயமா தெரியும். மத்தது எங்க இருக்குன்னு உத்தரவாதம் இல்லை.

இந்தச் சட்டத்தைக் காப்பாத்தற வேலை முழுக்க ஒரே ஃபங்ஷன்ல இருக்கு.

```c
void siftDown(int a[], int i, int size) {
    while (2*i + 1 < size) {
        int c = 2*i + 1;
        if (c + 1 < size && a[c+1] < a[c]) c++;
        if (a[i] <= a[c]) break;
        swap(&a[i], &a[c]);
        i = c;
    }
}
```

ரெண்டு பிள்ளையில சின்னது எதுன்னு பாக்கறோம். அப்பா அதை விடச் சின்னதாவோ சமமாவோ இருந்தா நிறுத்திடறோம். இல்லைன்னா இடம் மாத்திட்டு, இறங்கின இடத்துல இருந்து மறுபடியும் பாக்கறோம். இதுல ரெண்டு ஒப்பீடு இருக்குங்கறதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. பின்னாடி அது தேவைப்படும்.

இப்போ ஏழு எண்ணை எடுத்துக்கலாம்: 42, 17, 35, 8, 29, 11, 23. உச்சியில 42. அதுக்குக் கீழ 17, 35. அதுக்கும் கீழ 8, 29, 11, 23. இதை மின் ஹீப் ஆக்கணும்.

பிள்ளையே இல்லாத நோடுகள்ல சரி பண்ண எதுவும் இல்லை. அதனால பிள்ளை இருக்கற கடைசி நோடுல ஆரம்பிச்சு பின்னோக்கி வரோம். அது n/2 - 1, நம்ம கணக்குல இண்டெக்ஸ் 2. அங்க 35 இருக்கு. பிள்ளைகள் 11, 23. 11 மேல வருது. அடுத்து இண்டெக்ஸ் 1-ல 17. பிள்ளைகள் 8, 29. 8 மேல வருது. கடைசியா உச்சியில 42. இப்போ அதோட பிள்ளைகள் 8, 11. 8 மேல போக, 42 ஒரு படி இறங்குது. இறங்கின இடத்துல 17, 29 பிள்ளைகளா இருக்கு. 17 மேல வர, 42 இன்னொரு படி இறங்குது. மொத்தம் நாலு ஸ்வாப். கடைசியில அர்ரே இப்படி இருக்கு:

```
8 17 11 42 29 35 23
```

லூப்பை ஏன் பின்னோக்கி ஓட்டணும், முன்னோக்கி ஓட்டினா என்னன்னு வைவால கேட்பாங்க. "புக்ல அப்படித்தான் இருக்கு"ன்னு சொல்றதை விட ஓட்டிப் பாக்கறது நல்லது. முன்னோக்கி ஓட்டினா முதல்ல 42 இறங்கும்: 17 உச்சிக்கு வரும், 8 இண்டெக்ஸ் 1-க்கு வரும். அடுத்து இண்டெக்ஸ் 1-ல 8 இருக்கு, அதோட பிள்ளைகள் 42, 29. எல்லாம் சரின்னு நகர்ந்துடும். அப்புறம் 35-உம் 11-உம் மாறும். முடிவுல கிடைக்கறது 17 8 11 42 29 35 23. உச்சியில 17, அதுக்குக் கீழ 8. இது ஹீப்பே இல்லை. 8 உச்சிக்குப் போக வேண்டிய நேரத்துல உச்சியோட முறை முடிஞ்சு போயிருந்தது. siftDown ஒழுங்கா வேலை செய்யணும்னா, அந்த நோடோட ரெண்டு பக்கமும் ஏற்கெனவே ஹீப்பா இருக்கணும். பின்னோக்கி வந்தா மட்டும்தான் அது உறுதி.

ஹீப் சார்ட்டை முதல்ல வெளியிட்டவர் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ், 1964-ல. ஒவ்வொரு எண்ணா உள்ள சேர்த்து ஹீப் கட்டறது அவர் வழி. அதே வருஷம் ராபர்ட் ஃப்ளாய்ட் இந்தக் கீழிருந்து மேல கட்டற முறையைக் கொண்டுவந்தார். ஏழு எண்ணை ஒவ்வொண்ணா சேர்த்தா மோசமான நிலையில பத்து ஸ்வாப் ஆகும். கீழிருந்து கட்டினா நாலுக்கு மேல போகவே முடியாது. ஏன்னா பாதிக்கு மேல நோடுகள் அடித்தட்டுலயே இருக்கு, அதுங்க ஒரு படி கூட இறங்க வேண்டியதில்லை. அதனாலதான் கட்டற வேலை மட்டும் O(n).

இப்போ சார்ட்டுக்கு வருவோம். இங்கதான் ஜூனியர் மாட்டினது.

```c
for (int i = n/2 - 1; i >= 0; i--) siftDown(a, i, n);
for (int m = n - 1; m > 0; m--) {
    swap(&a[0], &a[m]);
    siftDown(a, 0, m);
}
```

உச்சியில இருக்கற 8-ஐ எடுக்கணும். எடுத்து எங்க வைக்கறது? வேற அர்ரே கிடையாது. அதனால கடைசி இடத்துல இருக்கற 23-உம் 8-உம் இடம் மாறுது. இனிமே ஹீப்போட சைஸ் 6. கடைசியில உக்காந்திருக்கற 8 ஹீப்ல சேராது. உச்சிக்கு வந்த 23 அங்க இருக்கக் கூடாது, அதனால அதை இறக்கறோம். பிள்ளைகள் 17, 11. 11 மேல வருது, 23 இண்டெக்ஸ் 2-க்குப் போகுது. அங்க ஒரே பிள்ளை, 35. 23 அதை விடச் சின்னது, நிறுத்திடறோம்.

```
11 17 23 42 29 35 | 8
```

கோட்டுக்கு இடது பக்கம் ஹீப், வலது பக்கம் முடிஞ்சது. இந்தக் கோடு அர்ரேயில எங்கயும் எழுதியிருக்காது. siftDown-க்கு நாம அனுப்பற மூணாவது எண்தான் அந்தக் கோடு. அங்க m-க்குப் பதிலா n போட்டா என்ன ஆகும்னு இதே படியில பாருங்க. 23 இண்டெக்ஸ் 2-க்கு இறங்கினதும், அதோட பிள்ளைகளா 35-ஐ மட்டும் இல்லாம இண்டெக்ஸ் 6-ல இருக்கற 8-ஐயும் சேர்த்துப் பாக்கும். 8 சின்னது. உடனே மேல இழுத்துக்கும். இப்பதான் வெளியே அனுப்பின ஆள் பின்வாசல் வழியா உள்ள வந்தாச்சு. கம்பைலர் எதுவும் சொல்லாது, ப்ரோக்ராமும் க்ராஷ் ஆகாது. ஹீப்போட சைஸ் வேற, அர்ரேயோட சைஸ் வேற. ரெண்டுக்கும் ஒரே வேரியபிள் வச்சுக்கிட்டு எழுதறவங்க கோட்ல முதல்ல நான் தேடறது இதைத்தான்.

சரியான வழியிலேயே தொடர்ந்தா ஒவ்வொரு சுத்து முடிவுலயும் அர்ரே இப்படி மாறுது:

```
17 29 23 42 35 | 11 8
23 29 35 42 | 17 11 8
29 42 35 | 23 17 11 8
35 42 | 29 23 17 11 8
42 | 35 29 23 17 11 8
```

கடைசியில கையில இருக்கறது 42 35 29 23 17 11 8. சுத்தமான இறங்குவரிசை. ஜூனியர் "தலைகீழா வருது"ன்னு சொன்னது இதைத்தான்.

ஒவ்வொரு படியும் சரி. சட்டம் எங்கயும் உடையலை. அப்புறம் ஏன் தலைகீழ்? மேல இருக்கற வரிகளைத் திரும்பப் பாருங்க. முதல்ல வெளிய வந்தது 8, அதாவது மிகச் சின்னது. ஆனா அது போய் உக்காந்த இடம் அர்ரேயோட கடைசி. ஏன் கடைசி? ஏன்னா ஹீப்ல இருந்து ஒரு எண் குறைஞ்சா காலியாகற ஒரே இடம் அதோட வால்தான். ஹீப் இண்டெக்ஸ் 0-ல ஆரம்பிக்குது, அதனால சுருங்கும்போது வலது ஓரத்துல இருந்துதான் சுருங்க முடியும். உச்சியில இருந்து எடுத்தாலும், இடம் பிறக்கறது வால்ல. முதல்ல வெளிய வந்தது வரிசையில கடைசியா நிக்குது. பஸ்ல முதல்ல ஏறினவரைக் கடைசி சீட்டுக்குப் போகச் சொல்ற மாதிரி. ஏறினது வரிசைப்படிதான். ஆனா முன்பக்கம் இருந்து பார்த்தா எல்லாம் தலைகீழ்.

அதனால்தான் புத்தகங்கள்ல ஏறுவரிசை ஹீப் சார்ட்டுக்கு மேக்ஸ் ஹீப் எடுத்துக்கறாங்க. பெருசு முதல்ல வெளிய வந்து கடைசி இடத்துக்குப் போகும், அது அங்கதான் இருக்கணும். C++ லைப்ரரிலயும் இதையே பாக்கலாம். `std::make_heap` எதுவும் சொல்லாம விட்டா மேக்ஸ் ஹீப்தான் கட்டும், `std::sort_heap` அதை ஏறுவரிசை ஆக்கும். `std::greater` குடுத்து மின் ஹீப்பா கட்டினா, அதையே குடுத்துக் கூப்பிடற `sort_heap` இறங்குவரிசையில முடியும். அங்கயும் நம்ம ஜூனியருக்கு வந்த அதே விடைதான்.

இது புரியாதப்போ பசங்க பண்ற வைத்தியம் ரெண்டு வகை. ஜூனியர் என்கிட்ட வரதுக்கு முன்னாடி ரெண்டையும் பண்ணிப் பார்த்திருந்தான்.

முதல் வைத்தியம், குறியைத் திருப்பறது. தலைகீழா வந்தா `<` எங்கயாவது தப்பா இருக்கும்னு தோணறது இயல்பு. siftDown-ல ரெண்டு ஒப்பீடு இருக்குன்னு சொன்னேன் இல்லையா? அவன் ரெண்டாவதை மட்டும் திருப்பினான், `a[i] >= a[c]` ஆனா நிறுத்துன்னு. முதல் ஒப்பீடு அப்படியே இருந்துச்சு. அதாவது பிள்ளைகள்ல சின்னதைத் தேடிப் பிடிச்சு, அது அப்பாவை விடப் பெருசான்னு கேக்குது. 3 1 2 குடுத்துப் பார்த்தான். 1 2 3-ன்னு அழகா வந்துச்சு. "வேலை செஞ்சது அண்ணா, அப்புறம் பெரிய இன்புட்ல திரும்பவும் போச்சு"ன்னான். அதே கோடுக்கு 1 2 3 குடுக்கச் சொன்னேன். ஏற்கெனவே வரிசையா இருக்கறதை வாங்கி 1 3 2-ன்னு குடுத்துச்சு. நம்ம ஏழு எண்ணைக் குடுத்தா முதல்ல 42 சரியா கடைசிக்குப் போகும், ஏன்னா அது தற்செயலா ஏற்கெனவே உச்சியில இருந்தது. அடுத்த சுத்துல 35 போக வேண்டிய இடத்துக்கு 23 போயிடும். ரெண்டு குறியையும் சேர்த்துத் திருப்பினா எல்லாம் சரியாகும்தான். ஆனா அப்போ கையில இருக்கறது மேக்ஸ் ஹீப். கேள்வி கேட்டது மின் ஹீப்.

ரெண்டாவது வைத்தியம் இன்னும் தந்திரமானது. சீனியர்கள் ரெக்கார்டுன்னு சொல்லி ஹாஸ்டல்ல சுத்தற ஃபோல்டர்ல இருந்த கோடு இதைத்தான் பண்ணியிருந்தது. அர்ரேயைத் தொடவே இல்லை. ப்ரின்ட் பண்ற லூப்பை மட்டும் பின்னாடி இருந்து ஓட்டியிருந்தாங்க. திரையில 8 11 17 23 29 35 42-ன்னு வரும். அவுட்புட் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெக்கார்டுல ஒட்டினா யாருக்கும் தெரியாது. ஆனா அர்ரே உள்ள இன்னும் இறங்குவரிசைதான்.

அதனால என்ன நஷ்டம்னு அவன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனோட அசைன்மென்ட்ல அடுத்த கேள்வியைத் திறந்து காமிச்சேன்: சார்ட் ஆன அதே அர்ரேயில பைனரி சர்ச் பண்ணணும். 17-ஐத் தேடறோம்னு வச்சுக்கோங்க. நடு இடம் இண்டெக்ஸ் 3, அங்க 23. 17 அதை விடச் சின்னது, அதனால இடது பக்கம் போறோம். நடுவுல 35. இன்னும் இடது. 42. முடிஞ்சது, "இல்லை"ன்னு சொல்லிடும். 17 வலது பக்கம் சும்மா உக்காந்திருக்கு. 23-ஐத் தேடினா மட்டும் கிடைக்கும், அது நடுவுலயே இருக்கறதால. டெஸ்ட்டுக்குன்னு ஒருத்தர் 23-ஐக் குடுத்துப் பார்த்துட்டு சரின்னு விட்டுட்டா அவ்வளவுதான். சார்ட்டுங்கறது அர்ரேக்கு நடக்கணும், திரைக்கு இல்லை.

சரி, அப்போ மின் ஹீப்பை வச்சே, வேற அர்ரே இல்லாம, ஏறுவரிசை வாங்க முடியுமா? முடியும். நேர்மையான வழி ரெண்டு இருக்கு.

ஒண்ணு, கடைசியில அர்ரேயை நிஜமாவே திருப்பறது. முதலும் கடைசியும் மாத்து, ரெண்டாவதும் கடைசிக்கு முன்னதும் மாத்துன்னு நடு வரைக்கும். ஏழு எண்ணுக்கு மூணு ஸ்வாப், n எண்ணுக்கு n/2. சார்ட் பண்ற வேலை O(n log n). அதோட ஒரு O(n) சேர்ந்தா மொத்தம் O(n log n) ஆகவே இருக்கும். கூடுதல் மெமரியும் வேண்டாம். மூணு வரி கோடு. இதை வைவால "ஏமாத்து வேலை"ன்னு யாராவது சொன்னா, இல்லைன்னு தைரியமா சொல்லலாம். ப்ரின்ட்டைத் திருப்பறதுக்கும் அர்ரேயைத் திருப்பறதுக்கும் உள்ள வித்தியாசத்தை பைனரி சர்ச்சே சாட்சி சொல்லும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. தலைகீழா வரதுக்குக் காரணம் இடம் வலது ஓரத்துல காலியாகறதுதான்னு கண்டுபிடிச்சோம். அப்போ இடது ஓரத்துல காலியாகற மாதிரி ஹீப்பை வச்சா? அதாவது உச்சியை இண்டெக்ஸ் 0-ல வைக்காம, அர்ரேயோட கடைசியில வைக்கறது. மரம் வலது பக்கத்துல ஆரம்பிச்சு இடது பக்கமா வளரட்டும்.

```c
#define H(i) a[n - 1 - (i)]
```

siftDown-லயும் சார்ட் லூப்லயும் `a[i]`-னு இருக்கற எல்லா இடத்துலயும் `H(i)` போடணும். siftDown-க்கு n-ஐயும் அனுப்பணும். ஒப்பீட்டுக் குறி ஒண்ணு கூட மாறாது. நம்ம ஏழு எண்ணையே இப்படிக் கட்டினா அர்ரே இப்படி வரும்:

```
42 29 35 23 17 11 8
```

வலது ஓரத்துல இருக்கற 8-தான் உச்சி. அதோட பிள்ளைகள் 11, 17. 11-க்குப் பிள்ளைகள் 23, 35. 17-க்கு 29, 42. சட்டம் சரியா இருக்கு. இப்போ உச்சியையும் வாலையும் மாத்தினா 8 இடது ஓரத்துக்குப் போகும், 42 வலது ஓரத்துக்கு வந்து இறங்க ஆரம்பிக்கும். 8 இண்டெக்ஸ் 0-ல உக்காந்தாச்சு. அடுத்தது 11 வந்து இண்டெக்ஸ் 1-ல உக்காரும். ஒரே மின் ஹீப், ஒரே அர்ரே, நேரான ஏறுவரிசை. வரிசையை முடிவு பண்ணினது குறி மட்டும் இல்லை, காலி இடம் எந்தப் பக்கம் பிறக்குதுங்கறதும் சேர்ந்துதான்.

எந்த வழியில எழுதினாலும் ஒரு விஷயம் பாக்கி: அது சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்? 3 1 2 மாதிரி ஒரு சாம்பிள் ஏமாத்திடும்னு பார்த்தோம். லூப்பை முன்னோக்கி ஓட்டற தப்பு இன்னும் மோசம். மூணு எண் வரைக்கும் பிள்ளை இருக்கற நோடு ஒண்ணுதான், அதனால முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒண்ணுதான். நாலு எண் குடுத்தாதான் அது பிடிபடவே வாய்ப்பு. 2 3 4 1 குடுத்தா பிடிபடும். ஆனா 2 3 4 1-தான் குடுக்கணும்னு முன்கூட்டியே யாருக்குத் தோணும்?

அதனால தேர்ந்தெடுக்கவே வேண்டாம், எல்லாத்தையும் குடுத்துடலாம். 1 எண்ல இருந்து 6 எண் வரைக்கும் எல்லா வரிசை மாற்றங்களையும் எடுத்தா மொத்தம் 1 + 2 + 6 + 24 + 120 + 720, அதாவது 873 அர்ரே. கண் சிமிட்டறதுக்குள்ள ஓடி முடிஞ்சிடும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு இடத்துல செக் வைக்கணும். ஹீப் கட்டி முடிச்சதும், பிள்ளை இருக்கற ஒவ்வொரு அப்பாவும் சட்டப்படி இருக்கானு ஒரு செக். சார்ட் முடிஞ்சதும், விடை 1-ல இருந்து n வரைக்கும் வரிசையா இருக்கானு இன்னொரு செக். முதல் செக் உடைஞ்சா தப்பு கட்டற பக்கம், அது தாண்டி ரெண்டாவது உடைஞ்சா தப்பு எடுக்கற பக்கம். எங்க தேடறதுன்னு அதுவே சொல்லிடும். இது கூட சமமான எண்கள் இருக்கற ரெண்டு மூணு அர்ரேயையும் சேர்த்துக்கோங்க, 5 5 5 மாதிரி. வரிசை மாற்றங்கள்ல அது வராது.

ஜூனியர் ராத்திரி ஒரு மணிக்கு அர்ரேயைத் திருப்பற வழியை எழுதி, 873-ஐயும் ஓட்டிட்டுத் தூங்கப் போனான். மறுநாள் வைவால மேடம் கோடைப் பார்த்துட்டு, "மேக்ஸ் ஹீப் எழுதியிருந்தா இந்தத் திருப்பற லூப்பே வேண்டாமே, ஏன் எழுதலை?"ன்னு கேட்டாங்களாம். "கேள்வி மின் ஹீப்னு சொல்லுது மேடம், மின் ஹீப்ல காலி இடம் வால்ல வரதால சின்னது கடைசிக்குப் போயிடும்"னு சொல்லி, ஏழு கட்டம் போட்டுக் காமிச்சிருக்கான். அடுத்த கேள்வி உடனே வந்துச்சாம்: "அப்போ மின் ஹீப்பால என்னதான் பிரயோஜனம்?" அதுக்கு அவன்கிட்ட பதில் இல்லை, மத்தியானம் மெஸ்ல என்கிட்ட வந்து கேட்டான்.

பதில் மேல எழுதின படிகள்லயே இருக்கு. முழு அர்ரேயையும் சார்ட் பண்றதா இருந்தா மேக்ஸ் ஹீப்தான் வசதி. ஆனா ஆயிரம் எண்ல மிகச் சின்ன அஞ்சு மட்டும் போதும்னா, மின் ஹீப்பைக் கட்டி, அஞ்சு தடவை உச்சியை எடுத்துட்டு நிறுத்திடலாம். மீதி 995-ஐ வரிசைப்படுத்தவே வேண்டாம். நம்ம ஏழு எண்ல ரெண்டாவது சுத்து முடிஞ்சப்போ 17 29 23 42 35 | 11 8-ன்னு நின்னுச்சே, அங்கயே நிறுத்தினா சின்ன ரெண்டும் கோட்டுக்கு வலது பக்கம் தயாரா இருக்கு. மேக்ஸ் ஹீப்ல அதே ரெண்டு சுத்துக்கு அப்புறம் கையில இருக்கறது 35-உம் 42-உம். சின்னது வேணும்னா அது இன்னும் ரொம்ப தூரம் போகணும்.